சின்னக்காவின் நன்னிலைச் சான்றிதழ்

டாக்டரோ மருந்தாளுநரோ வெளிநாட்டில் தொழில் செய்யப் பதிவு செய்துகொள்வதற்காக நன்னிலைச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தால், இங்கே அவர்களைப் பதிவு செய்த கவுன்சில்காரர்கள் பழைய கோப்புகளையெல்லாம் கிளறி ஏதாவது ஒரு குற்றத்தைத் தோண்டி எடுத்துவிடுவார்களாம். இதை எனக்குச் சொன்னவர் என்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் கணக்கர். அவருக்குச் சொன்னது அவர் மனைவி. மனைவிக்கு யாரோ ஒரு பல் டாக்டருடைய மைத்துனி சொன்னாளாம். அந்தப் பல் டாக்டர் கேட்டது ஒரு தாள். கிடைத்தது மூன்று வருட விசாரணையாம்.

எனக்குப் பயம் வர இவ்வளவே அதிகம். உடனே சின்னக்காவுக்குப் போன் போட்டேன்.

"கிளறட்டும்டா," என்றாள். "பத்தொன்பது வருஷத்துல என் கையால ஒரு மாத்திரை மாறிப் போயிருந்தா காட்டச் சொல்லு. பல் டாக்டரோட மைத்துனி சொன்னாளாம், இவன் நடுங்கினானாம். போய் வேலையப் பாரு."

அந்தத் தாள் தன் வேலையைப் பற்றிப் பேசும் என்று அவள் நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சின்னக்கா மருந்தாளுநர். பெரிய மருத்துவமனை ஒன்றின் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பதினேழு வருடம் நின்றவள். அங்கே அவளுக்கு 'மாத்திரை டீச்சர்' என்று பெயர். மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு அனுப்பமாட்டாள். "எப்போ சாப்பிடுவீங்க, சொல்லுங்க" என்பாள். நோயாளி சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பொட்டலம் திரும்ப ஜன்னலுக்கு உள்ளே போய்விடும். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். "முணுமுணுக்கிற நேரத்துல சீட்டப் படிங்க. நீங்களும் ஒப்பிக்கணும்" என்பாள்.

ஒருமுறை ஒரு குழந்தைக்கு எழுதிய சீட்டில் அளவு பத்து மடங்கு கூடியிருந்தது. தசமப் புள்ளி ஒன்று விட்டுப்போயிருக்கிறது. டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் வார்டில் பத்துப் பேர் முன்னால் நின்றுகொண்டு, "எழுதினதக் குடுங்க, நீங்க டாக்டர் இல்ல" என்று கத்தினார். இவள், "நான் டாக்டர் இல்ல சார், அதனாலதான் எனக்குக் கணக்குத் தெரியுது" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திவிட்டாள். டாக்டர் இறங்கி வந்தார். சீட்டைப் பார்த்தார். புள்ளியை வைத்துவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்கவில்லை. "புள்ளி வச்சாரே, அது போதும்" என்றாள் அக்கா. ஆனால் இரண்டு வாரம் எல்லோரிடமும் எரிந்து விழுந்தாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "மாப்பிள்ளை சரியா ஒப்பிக்கல" என்பாள்.

சில மாதங்களுக்கு முன்னால் மருத்துவமனை தன் மருந்தகத்தை ஓர் ஒப்பந்தக்காரர் கையில் கொடுத்தது. புதிய மேலாளர் வந்த மூன்றாம் வாரமே காலாவதியான மாத்திரைப் பட்டைகளை வெட்டி, தேதி உள்ள பக்கத்தைத் தள்ளிவிட்டு மிச்சத்தை ஜன்னலுக்கு அனுப்பினார். சின்னக்கா அவர் கண் முன்னாலேயே அவ்வளவையும் குப்பைக் கூடையில் கொட்டினாள். அடுத்த நாளிலிருந்து அவளுக்கு வேலை இல்லை.

நான் வேலை பார்க்கும் வெளிநாட்டு ஊரில் ஒரு மருத்துவமனை அவளை நேர்காணல் செய்து எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை: அந்த நாட்டு மருந்தாளுநர் கவுன்சிலில் பதிவாக வேண்டும். பதிவுக்குத் தேவையான தாள்களின் பட்டியலில் கடைசியாக நின்றது நன்னிலைச் சான்றிதழ். அவளை இப்போது பதிவேட்டில் வைத்திருக்கும் கவுன்சில்தான் அதைத் தர வேண்டும். தந்தாலும் அவள் கையில் தரக்கூடாது. இந்தக் கவுன்சிலிலிருந்து அந்தக் கவுன்சிலுக்கு நேராகப் போக வேண்டும். கையெழுத்தான தேதியிலிருந்து மூன்று மாதத்துக்கு மேல் அது செல்லாது. நான் விடுப்பில் வரவிருந்த மாதத்தின் முடிவுதான் அந்தக் கவுன்சில் வைத்த கெடு. அதற்குள் வந்து சேராவிட்டால் விண்ணப்பமே காலாவதி.

அவள் விண்ணப்பித்து ஆறு வாரம் ஆகியும் சான்றிதழ் போய்ச் சேரவில்லை. நான் மூன்று வார விடுப்பில் வந்து இறங்கியபோது மாத முடிவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. விமானத்திலிருந்து இறங்கிய மறுநாள் காலையில், அவளுடைய எல்லாத் தாள்களுக்கும் மூன்று மூன்று நகல் எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.

"எதுக்குடா மூணு?"

"ஒண்ணு தொலைஞ்சா?"

"அப்போ மூணாவது?"

"ரெண்டாவதும் தொலைஞ்சா."

"உன்னை யாராவது தொலைச்சா தேவல," என்றாள்.

கவுன்சில் அலுவலகம் மூன்றாம் மாடியில். லிப்ட் வேலை செய்யவில்லை. நான்காம் ஜன்னலில் ஒரு எழுத்தர் அம்மா, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கணினியில் தட்டி, கண்ணாடியை மாட்டி, மறுபடி தட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு லெட்டர் போட்டோமேம்மா. பதிலே வரலியே?"

"எனக்கு ஒரு லெட்டரும் வரல."

"மொத்தம் நாலு லெட்டர். முதல் மூணு நிலுவை விஷயமா. நாலாவது, இந்தக் குட் ஸ்டாண்டிங் சான்றிதழ அனுப்பலாமான்னு உங்க சம்மதம் கேட்டு."

"என்ன நிலுவை?"

எழுத்தர் அம்மா எங்கள் பின்னால் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "உங்க மேல ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுல ஒரு கேஸ் நிலுவையில இருக்கும்மா."

அக்கா சிரித்துவிட்டாள். "வேற யாராவதா இருக்கும். எண்ணைச் சரியாப் பாருங்க."

எண் சரியாகத்தான் இருந்தது. எழுத்தர் அம்மா உள்ளே போய்ப் பச்சை நாடா கட்டிய கோப்பு ஒன்றை எடுத்து வந்து விரித்தார். முதல் தாளில் ஒரு கடையின் பெயர் இருந்தது. எங்கள் அத்தானுடைய மருந்துக்கடை.

பெரியக்காவின் கணவர்தான் அத்தான். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவர் அந்தக் கடையைத் திறந்தபோது சின்னக்கா படிப்பு முடித்து அப்போதுதான் பதிவு செய்திருந்தாள். பதிவு பெற்ற மருந்தாளுநர் பெயர் இல்லாமல் கடைக்கு உரிமம் கிடையாது. அவள் பெயரைக் கொடுத்தாள். பெயருக்கு மட்டுமல்ல, உண்மையாகவே இரண்டு வருடம் அங்கே நின்று வேலையும் பார்த்தாள். மருத்துவமனை வேலை கிடைத்ததும், "புது ஆள் வர்ற வரைக்கும் உன் சர்டிபிகேட் சுவத்துல இருக்கட்டும்மா" என்றார் அத்தான். புது ஆள் வரவே இல்லை. மருத்துவமனை உரிமத்துக்குத் தலைமை மருந்தாளுநர் ஒருவர் பெயர் போதும் என்பதால் இந்த விஷயம் எங்கும் இடிக்கவும் இல்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டிவரும்போது, "நான் அந்தப் பக்கந்தான் போறேன், குடு" என்று அத்தானே படிவத்தை வாங்கிப் போவார். அக்கா கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுப்பாள். பணியிடம் என்ற கட்டத்தில் மூன்று முறையும் 'மாற்றம் இல்லை' என்று அவர் எழுதியிருந்தார். மூன்று முறையும் அடியில் இவளுடைய கையெழுத்து.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை பதினொன்று இருபதுக்கு ஆய்வாளர் அந்தக் கடைக்குள் நுழைந்திருக்கிறார். மருந்தாளுநர் இல்லை. கல்லாவில் நின்ற ஆள் யாரோ ஒருவருக்குச் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை விற்றுக்கொண்டிருந்தார். ஆய்வாளர் கடையின் மருந்து விற்பனைப் பதிவேட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தை நகல் எடுத்திருந்தார். அந்த நகலை எழுத்தர் அம்மா எங்கள் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அக்காவின் சுருக்கொப்பம்.

அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இது என் கையெழுத்து இல்ல."

"அத எழுத்துல குடுங்கம்மா. விளக்கம் கேட்டுத்தான் மூணு லெட்டர் போட்டோம். பதில் இல்லாததால குழுவுக்குப் போச்சு."

"எங்க போட்டீங்க? என் வீட்டுக்கா?"

"பதிவேட்டுல இருக்கிற முகவரிக்குத்தான் போட முடியும். நீங்க குடுத்த முகவரி."

அதாவது கடைக்கு. நான் நடுவில் புகுந்தேன். "அப்போ சான்றிதழ் தர மாட்டீங்களா?"

"யாரு தம்பி மாட்டேன்னு சொன்னது? தருவோம். இன்னிக்கு நீங்க சரின்னா இந்த வாரமே அனுப்புவோம்." எழுத்தர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் இதத் தப்பாவே நினைக்கிறாங்க. இவங்க நல்லவங்க, நல்லா வேலை பாக்குறாங்கன்னு நாங்க சொல்றதில்ல. அது எங்களுக்கு எப்படித் தெரியும்? பதிவேட்டுல பேர் இருக்கா, எப்போ பதிஞ்சாங்க, என்ன படிச்சாங்க, பதிவு நடப்புல இருக்கா, நடவடிக்கை எடுத்திருக்கோமா, எடுத்துக்கிட்டு இருக்கோமா. இந்தத் தேதியில ஏடு என்ன சொல்லுதோ அத அப்படியே எழுதுவோம். உங்களுதுல ஒரு வரி கூடுதலா இருக்கும். 'ஒரு நடவடிக்கை நிலுவையில் உள்ளது'ன்னு."

பதினேழு வருடம் ஜன்னலில் நின்று ஒப்பிக்க வைத்தது, புள்ளி வைக்க வைத்தது, பட்டைகளைக் குப்பையில் கொட்டியது, எதற்கும் அந்தத் தாளில் இடம் கிடையாது. அவள் இல்லாத கடையில், அவள் போடாத கையெழுத்துக்கு மட்டும் ஒரு வரி உண்டு. அந்த வரியைப் படிக்கும் எந்தக் கவுன்சிலும், முடிவு தெரியும்வரை அவள் விண்ணப்பத்தைத் தொடாது.

மாடிப்படியில் அவள் எனக்கு முன்னால் இறங்கினாள். கீழே வந்ததும் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினாள். கடைப் பெயரைச் சொன்னாள்.

அத்தான் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். "வாங்க வெளிநாட்டுக்காரரே! எப்ப வந்தீங்க? ஒரு போன்கூட இல்ல?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் தலைக்கு மேலே, இருமல் மிட்டாய் டப்பாக்களுக்கு நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள் சின்னக்காவின் பதிவுச் சான்றிதழ் தொங்கியது. அதில் ஒட்டியிருந்த படத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வயது.

"அத்தான், எனக்கு வந்த லெட்டர்லாம் எங்க?"

"எந்த லெட்டரும்மா?"

"நாலு லெட்டர். கவுன்சில் லெட்டர். எனக்கு வந்தது."

அவர் சிரிப்பைக் குறைத்துக்கொள்ளாமலேயே மேசை இழுப்பறையைத் திறந்தார். நான்கும் அங்கேயே இருந்தன. உறைகள் ஒழுங்காகக் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தன.

"உன்ன எதுக்கு வீணா கலவரப்படுத்தணும்னுதான். நானே ஒரு ஆளப் பாத்துப் பேசிக்கிட்டிருக்கேன். இதெல்லாம் எல்லாக் கடையிலயும் நடக்குறதுதான்."

"எல்லாக் கடையிலயும் எவளோ ஒருத்தி கையெழுத்த எவனோ போடுறானா?"

"மெதுவா பேசும்மா, ஆளுங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும்! மருந்து வாங்கத்தானே நிக்கிறாங்க? யாரு குடுக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கட்டும்." கல்லாவில் உள்ளங்கையால் அடித்தாள். "தூக்க மாத்திரை வித்திருக்கீங்க என் பேர்ல. வாங்கினவன் யாரு? எத்தன நாளா வாங்குறான்? ஒரே நேரத்துல எத்தன போடுறான்? தெரியுமா உங்களுக்கு?"

"தெரிஞ்ச ஆளுதாம்மா. வழக்கமா வாங்குறவரு."

"வழக்கமா வாங்குறாரா!" என்றாள் அக்கா.

சத்தம் கேட்டுப் பெரியக்கா கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். அத்தான் அவளுக்கு எல்லாவற்றையும் இரண்டு வரியில் சொன்னார். அந்த இரண்டு வரியில் இழுப்பறை வரவில்லை.

"இப்ப என்ன, ஒரு லெட்டர்தானே?" என்றார் அத்தான். "வழக்கமா நீதான் கடையில இருக்க, அன்னிக்கு மட்டும் உடம்பு சரியில்லாம லீவுன்னு எழுதிக் குடு. ஒரு எச்சரிக்கையோட முடிச்சிடுவாங்க. எனக்கும் கடை நிக்கும், உனக்கும் பேப்பர் கிடைக்கும். விசாரிச்சிட்டேன்."

"நான் அன்னிக்கு ஆஸ்பத்திரியில டூட்டில இருந்தேன். அங்க வருகைப் பதிவேட்டுல கையெழுத்து இருக்கு. என்னோட சொந்தக் கையெழுத்து."

"அத யாரு போய்ப் பாக்கப் போறா?"

"உனக்கு என்னடி," என்றாள் பெரியக்கா. "நீ பிளைட் ஏறிப் போயிடுவ. நாங்க இந்தக் கடைய விட்டா எங்க போறது? கூடப்பிறந்தவளுக்காக ஒரு வரி எழுத மாட்டியா?"

"ஒரு வரியா? பதினேழு வருஷமா எழுதிக்கிட்டுத்தானே இருக்கீங்க என் பேர்ல! இன்னும் ஒண்ணு வேணுமா?"

பெரியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னக்கா கல்லாவைச் சுற்றி உள்ளே போனாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றினாள். ஒரு மிட்டாய் டப்பா விழுந்து உருண்டது. அத்தான் எழுந்தார். "அத எடுத்துட்டா கடைய மூடணும், தெரியுமில்ல?"

"மருந்தாளுநர் இல்லாட்டி மூடித்தான் ஆகணும். அதுதான் சட்டம்." நான்கு உறைகளையும் இழுப்பறையிலிருந்து அள்ளிக்கொண்டாள்.

தெருவில் இறங்கி வேகமாக நடந்தாள். நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. என் மனதில் ஒரே கணக்கு: பதினோரு நாள். குழு எப்போது கூடுமோ. அந்த அவசரத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அக்கா, கோபப்படாத. அத்தான் சொன்ன மாதிரி ஒரு நாள் லீவுன்னு எழுதினா சீக்கிரம் முடிஞ்சிடுமோ?"

அவள் நின்றாள். பக்கத்தில் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீயுமாடா?"

"இல்லக்கா, நான் என்ன சொல்றேன்னா…"

"நீ சொல்றது புரியுது. பொய் சொல்லி நல்ல பேர் வாங்கு. அந்தப் பேர வச்சு உன் ஊருக்கு வந்து, அங்க ஜன்னல்ல நின்னு ஊருக்கெல்லாம் ஒழுங்கு சொல்லித் தரணும். அப்படித்தானே?" கண்ணாடிச் சட்டத்தை என் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். "புடி இத. கனக்குது."

பிடித்துக்கொண்டேன். சிறிது தூரம் போனதும் அவளே பேசினாள். கோபம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"மூணு தடவ கையெழுத்துப் போட்டிருக்கேன்டா. 'மாற்றம் இல்லை'ன்னு எழுதியிருக்கு. ஊர்ல இருக்கிறவன் சீட்டயெல்லாம் ரெண்டு தடவ படிச்சவ நான். என் படிவத்த ஒரு தடவகூடப் படிக்கல. எழுதறதுக்கு முன்னாடியே கையெழுத்தப் போட்டுக் குடுத்தேன். அவர் திருடினார்னா, சாவியக் குடுத்தது நான்தான்."

அவள் அறையில் உட்கார்ந்து விளக்கம் எழுதினாள். நான்கு பக்கம். கடையில் வேலை பார்த்த இரண்டு வருடம், விட்ட தேதி, ஆய்வு நடந்த நாளில் எங்கே இருந்தாள், கடைப் பதிவேட்டில் இருப்பது தன் ஒப்பம் இல்லை என்பது, எல்லாம் வரிசையாக. மூன்றாம் பக்கத்தில், "பணியிடம் மாறியதைக் கவுன்சிலுக்குத் தெரிவிக்காததும், நிரப்பாத படிவத்தில் கையெழுத்திட்டதும், என் சான்றிதழைக் கடையில் தொங்கவிட்டதும் என் தவறு" என்று எழுதியிருந்தாள்.

"இது தேவையாக்கா? இத வச்சே உன்னைக் கண்டிப்பாங்க."

"கண்டிக்கட்டும். அதையும் சேர்த்தே சான்றிதழ்ல எழுதட்டும். நடந்தது அதுதானே?"

வெளிநாட்டுக் கவுன்சிலுக்கும் அவளே மின்னஞ்சல் எழுதினாள்: சான்றிதழில் இப்படி ஒரு வரி வரும், காரணம் இது, விளக்கத்தின் நகல் இணைப்பில். அனுப்புவதற்கு முன் பார்க்கத் தந்தாள். மூன்று முறை படித்தேன். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. மறுநாள் காலை பதில் வந்திருந்தது. சான்றிதழ் மாத முடிவுக்குள் வந்துவிட்டால் விண்ணப்பம் காலாவதியாகாது. நடவடிக்கையின் முடிவு வரும்வரை நிறுத்தி வைக்கப்படும். முடிவு வந்தபின் புதிய தேதியிட்ட சான்றிதழ் ஒன்று மறுபடி வர வேண்டும். வாழ்த்தும் இல்லை, வருத்தமும் இல்லை. வேலை தந்த மருத்துவமனை அதுவரை காத்திருக்குமா என்பதைப் பற்றி அவர்கள் சொல்ல முடியாது.

அன்றே மறுபடி மூன்றாம் மாடி. நான்காம் ஜன்னல். எழுத்தர் அம்மா நான்கு பக்கத்தையும் படித்தார். பழைய மருத்துவமனையிலிருந்து அக்கா சண்டை போட்டு வாங்கி வந்த வருகைப் பதிவேட்டு நகலைப் பின்னால் சேர்த்துக் குத்தினார். முகவரி மாற்றப் படிவத்தைத் தந்தார். அக்கா ஒவ்வொரு கட்டத்தையும் விரல் வைத்துப் படித்து, தானே நிரப்பி, கடைசியில் கையெழுத்திட்டாள். எழுத்தர் அம்மா முத்திரை குத்தினார்.

"சான்றிதழ் நாளைக்கே அங்க போயிடும். அந்த வரியோட. குழு அடுத்த மாசம் கூடுது. எச்சரிக்கையோட விடலாம், கொஞ்ச நாளைக்குப் பேர நீக்கவும் செய்யலாம். என்னால சொல்ல முடியாதும்மா."

"புரியுது."

"இன்னொண்ணு. நீங்க எழுதினதோட நகல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் போகும். இன்னிக்கு மத்தியானத் தபால்ல. கடைக்கு அவங்க நாளைக்கே வரலாம்."

அக்கா தலையசைத்தாள். ஜன்னலை விட்டு நகர்ந்து, படிக்கட்டு ஓரத்தில் சுவரோடு சாய்ந்து நின்று போனை எடுத்தாள்.

"யாருக்கு?" என்றேன்.

"பெரியக்காவுக்கு. ஆய்வாளர் வந்து நின்னு அவளுக்குத் தெரியக்கூடாது. நான் என்ன எழுதிக் குடுத்தேன்னு என் வாயால சொல்லணும். திட்டட்டும், கேட்டுக்குறேன். திட்டினதுக்கப்புறம் நானும் திட்டுவேன்."

போனைக் காதில் வைத்தாள். மணி போவது எனக்கும் கேட்டது. முழுக்கப் போய் அறுந்தது. மறுபடி போட்டாள். உள்ளே யாரோ ஒருவருடைய எண்ணை உரக்கக் கூப்பிட்டார்கள். எங்களைத் தாண்டி ஒருவர் கையில் உறையோடு மூச்சு வாங்க ஏறிப் போனார். அக்கா நெற்றியைச் சுருக்கி, மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"எடுடி," என்றாள்.

மணி போய்க்கொண்டே இருந்தது.